மூளைக்கு வலி தெரியாது என்றால், தலையில் வலிப்பது எது?

"என் தங்கைக்கு மன்னார்குடியில் செவ்வாய்க்கிழமை சிசேரியன் நடந்தது. முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே தலை பிளக்குது என்கிறாள், படுத்தால் விட்டுவிடுகிறது. தலையணை வைத்துப் படுத்ததால்தான் என்கிறார் அம்மா. மூளைக்கு வலியே தெரியாது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் அவளுக்கு வலிப்பது எது, டாக்டர்?"

மூளையை மூடியிருக்கும் உறை, அந்த உறைக்குள் ஓடும் பெரிய சிரைகள், மூளையின் அடித்தளத்தில் இருக்கும் தமனிகள். இவைதான் வலிக்கின்றன. உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் போகிற தலைவலி, முதுகில் ஊசி போட்ட இரண்டாம் நாளில் வந்தால், மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியுள்ள நீர் கசிவதால் வரும் தலைவலியாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்லக் கூடாது. இன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்து, மயக்க மருந்து மருத்துவரிடம் "உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அவருக்கு அது போதும். காரணத்தை நிதானமாக விளக்குகிறேன்.

வலியை உணர வேண்டுமானால் அந்த இடத்தில் வலியறியும் நரம்பு முனைகள் இருக்க வேண்டும். தோல், தசை, மூட்டு, குடல் எல்லாவற்றிலும் இவை விரவிக் கிடக்கின்றன. கிழித்தால், சுட்டால், இழுத்தால், அழற்சி வந்தால் இவை தூண்டப்பட்டு முதுகுத்தண்டு வழியாகவோ முகத்து நரம்பின் வழியாகவோ மூளைக்குச் செய்தி அனுப்பும். செய்தியைப் பெற்று "வலிக்கிறது" என்று உணரும் இடம் மூளை. அந்த மூளையின் திசுவுக்குள் இப்படிப்பட்ட முனைகள் கிடையாது. கோடிக்கணக்கான நரம்பு செல்கள் அங்கே இருந்தும், தன் மேலேயே நடக்கும் காயத்தை அறிவிக்க ஒன்றும் இல்லை.

எந்த இடத்தில் வலி முடிகிறது என்பதைக்கூட ஓரளவு காட்ட முடியும். மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளின் சுவரில் முகத்து நரம்பிலிருந்து வந்த மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும். அதே தமனி கிளைவிட்டு மூளைத் திசுவுக்குள் நுழைகிறபோது அந்த இழைகள் கூடப் போவதில்லை. ஒரே ரத்தக்குழாய்தான்; வெளியே வலி தெரியும், உள்ளே தெரியாது. ஏன் இப்படி அமைந்தது என்று கேட்டால், எனக்கு ஏற்புடைய விளக்கம் இதுதான்: வலியின் பயன் காயத்திலிருந்து விலக வைப்பது. தோலும் மண்டையோடும் உறையும் தாண்டி ஒரு பொருள் மூளைக்குள் வந்துவிட்டால் விலகுவதற்கு நேரம் முடிந்துவிட்டது. எச்சரிக்கை மணி வெளிச்சுற்றிலேயே அடித்தாக வேண்டும்.

இது வெறும் கோட்பாடு அல்ல. பேச்சை ஆளும் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால், நோயாளியை விழித்திருக்க வைத்தே அறுவை செய்கிறார்கள். தலைத்தோலுக்கு வரும் நரம்புகளைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து போடப்படும், ஏனென்றால் தோலும் எலும்பை மூடிய படலமும் நன்றாகவே வலிக்கும். எலும்பைத் துளைக்கும்போது சத்தமும் அதிர்வும்தான் தெரியும். பிறகு மூளையைத் தொட்டாலும், மின்முனை வைத்தாலும், கட்டியை வெட்டி எடுத்தாலும் வலிக்கவில்லை என்று நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். ஆனால் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம், மண்டையின் அடித்தளத்தில் இருக்கும் உறையை இழுத்துவிட்டால் முகம் சுளிப்பார், "கண்ணுக்குப் பின்னால் வலிக்குது" என்பார். அங்கே மருத்துவர் தனியாக மருந்து செலுத்த வேண்டியிருக்கும்.

தலைக்குள் எது வலிக்கும், எது வலிக்காது என்ற வரைபடத்தை முறையாகத் தயாரித்தவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த பிரான்சன் ரே என்ற அறுவை மருத்துவரும் ஹெரால்டு உல்ஃப் என்ற நரம்பியல் மருத்துவரும். 1940இல் வெளியான அவர்களது ஆய்வில், விழித்த நிலையில் தலையில் அறுவை செய்துகொண்ட 30 பேரிடம் ஒவ்வோர் அமைப்பையும் தொட்டும் இழுத்தும் மின்சாரத்தால் தூண்டியும் "எங்கே வலிக்கிறது" என்று கேட்டுக் குறித்தார்கள். வலி தந்தவை: தலைத்தோலும் அதன் தமனிகளும் தசைகளும், ட்யூரா என்கிற தடித்த உறைக்குள் ஓடும் பெரிய சிரைகள், அந்த உறையின் தமனிகள், மண்டையின் அடித்தளத்து உறை, மூளையின் அடியில் உள்ள பெரிய தமனிகள். வலி தராதவை: மூளைத் திசு, அதன் உட்குழிவுகளின் சுவர், உச்சந்தலைக்குக் கீழே விரிந்திருக்கும் உறையின் பெரும்பகுதி. மூளையை ஒட்டிய மெல்லிய உறையும் பெரும்பாலும் வலிக்காது என்றே அவர்கள் எழுதினார்கள். விழிப்பு அறுவைகளில் பின்னாளில், 2018இல், மீண்டும் ஆராய்ந்தபோது மெல்லிய உறையின் சில இடங்களும் சிறு ரத்தக்குழாய்களும்கூட வலி தருவது தெரியவந்தது. வரைபடத்தில் ஓரங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன. நடுவே, மூளைத் திசுவுக்கு வலியில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.

அவர்கள் குறித்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. வலிக்கும் அமைப்பு இருக்கும் இடமும் வலி தெரியும் இடமும் ஒன்றல்ல. மண்டையோட்டின் மேல்தளத்தில், அதாவது பெருமூளை இருக்கும் அறையில், எதை இழுத்தாலும் வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் பொட்டிலும் தெரியும், ஏனென்றால் அந்த அறைக்கு வரும் நரம்பு டிரைஜெமினல் என்கிற முகத்து உணர்வு நரம்பு. சிறுமூளை இருக்கும் பின்பக்கக் கீழறையில் எதை இழுத்தாலும் வலி பின்மண்டையிலும் பிடரியிலும் தெரியும், அங்கே பெரும்பாலும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் வருகின்றன. இந்த இரண்டு நரம்புத் தொகுதிகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே செல் கூட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் செய்தி எந்த வாசல் வழியே வந்தது என்பது மேலே இருக்கும் மூளைக்குச் சரியாகப் பிரிந்து தெரிவதில்லை. நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண் கழுத்துத் தசை பிடித்துக்கொண்டால் "கண்ணு வலிக்குது" என்று வருவதும், ஒற்றைத் தலைவலிக்காரர் "பிடரி இறுகுது" என்பதும் இதனால்தான்.

ஒற்றைத் தலைவலியைப் பற்றி இங்கே நிறைய எழுத வேண்டியதில்லை. அதிலும் மூளை வலிப்பதில்லை. உறையைச் சுற்றியுள்ள அதே முகத்து நரம்பு இழைகள் சிஜிஆர்பி என்ற புரதப் பொருளை வெளிவிட்டு ரத்தக்குழாய்களை விரியச் செய்து கூர்மையாகிவிடுகின்றன. அதே நரம்பு தூண்டப்படுவதால் சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும், கண் கலங்கும். நம் ஊரில் இதை நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லி நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போடுவார்கள். சைனஸ் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் நிறைய.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். மூளைக்கு வலி தெரியாது என்பதால் மூளைக் காயத்தால் வலி வரவே வராது என்று ஆகாது. உடம்பின் உணர்வுகளைப் பெறும் தலாமஸ் என்ற பகுதியில் பக்கவாதம் வந்தால், சிலருக்கு மாதங்கள் கழித்து உடம்பின் ஒரு பாதி எரிய ஆரம்பிக்கும். ஆனால் எரிவது கையும் காலும், சிலருக்கு முகமும்தான், மூளை அல்ல. மூளை தன் இடத்தை ஒருபோதும் வலிக்கும் இடமாகக் காட்டுவதில்லை.

இதனால் விளையும் கேடு எங்கள் பக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். ரத்தக்குழாய் அடைத்து மூளையின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. வாய் கோணுகிறது, கை துவள்கிறது, பேச்சு குழறுகிறது. வலிக்கவில்லை என்பதால் "படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று திண்ணையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்து சேரவே அதில் பெரும்பகுதி போய்விடும். நெஞ்சு வலித்தால் ஓடி வருகிறவர்கள், மூளை அடைபடும்போது வலியில்லாததாலேயே தாமதிக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

இனி உங்கள் தங்கையின் தலைவலி. மூளையின் எடை சுமார் 1,400 கிராம். மண்டையோட்டுக்குள் அது நீரில் மிதக்கிறது. அந்த நீர் மூளையின் உட்குழிவுகளில் ஊறி, மூளையைச் சுற்றியும் முதுகுத்தண்டைச் சுற்றியும் ஒரே தொடர்ச்சியாக நிற்கும். ஒரு நேரத்தில் இருப்பது சுமார் 150 மில்லி, ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. படித்துறையில் குடத்தை முக்கி நிரப்பும்போது அது தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே தெரியாது, மேலே தூக்கியதும் இடுப்பு ஒடியும். மூளையும் அப்படித்தான்: நீருக்குள் மிதக்கும்போது அதன் கனம் சுமார் 50 கிராம் அளவுக்குத்தான் கீழே அழுத்துகிறது.

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி, இடுப்புப் பகுதியில் ட்யூரா உறையைத் துளைத்து இந்த நீருக்குள் மருந்தைச் செலுத்துகிறது. ஊசியை எடுத்த பிறகு துளை உடனே மூடாவிட்டால் நீர் வெளியே கசியும். எழுந்து உட்கார்ந்ததும், மேலே தாங்க வேண்டிய நீர் குறைந்திருப்பதால் மூளை சற்றே கீழே இறங்குகிறது. மூளைக்கு இதில் எந்த வலியும் இல்லை. ஆனால் மூளையை உறையோடு பிணைக்கும் சிரைகளும் அடித்தளத்து உறையும் இழுபடுகின்றன. கூடவே, மண்டையோட்டுக்குள் இருக்கும் இடம் மாறாதது என்பதால் குறைந்த நீரின் இடத்தை நிரப்ப உறையின் சிரைகள் ரத்தத்தால் வீங்குகின்றன. இழுபடுவதும் வீங்குவதும் வரைபடத்தில் வலிக்கும் என்று குறித்த அதே அமைப்புகள். மேலறையில் இழுபடுவது நெற்றியில் தெரியும், கீழறையில் இழுபடுவது பிடரியில் தெரியும். அவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நெற்றியும் பிடரியும் சேர்ந்தே, சில சமயம் தோள்வரைக்கும் என்பாள். படுத்தால் மூளையின் கனம் உறை மேல் தொங்குவதில்லை, சில நிமிடங்களில் வலி அடங்கும்.

இந்தத் தலைவலியை முதலில் அனுபவித்து எழுதியவர்களில் ஒருவர் இந்த ஊசி முறையையே கண்டுபிடித்தவர். ஜெர்மனியின் கீல் நகரில் அகஸ்ட் பியர் 1898இல் தன் முதுகிலேயே ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னார். உதவியாளர் கையிலிருந்த சிரிஞ்சு ஊசியோடு பொருந்தாததால் நீர் நிறைய வெளியேறியது. பிறகு பல நாட்கள் எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. நீர் போனதுதான் காரணம் என்று அவரே ஊகித்தார்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தலையணையால் இது வரவில்லை. ஊசி போட்ட பிறகு நாள் முழுக்கத் தலையணையில்லாமல் மல்லாந்து படுத்திருந்தால் தலைவலி வராது என்று நர்சுகளும் சொல்வதுண்டு. ஆராய்ந்து பார்த்ததில் அப்படிப் படுத்தவர்களுக்கும் எழுந்து நடந்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்குவது ஊசி. ஊசியின் எண் கூடக்கூட அது மெல்லியதாகும். 22ஆம் எண் வெட்டுமுனை ஊசியைவிட 25, 27ஆம் எண் ஊசிகள் சிறிய துளை போடும். அதைவிட முக்கியம் முனை. பழைய ஊசியின் முனை கத்தி போல உறையின் இழைகளை வெட்டும். பென்சில் முனை என்று சொல்லப்படும் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போய், எடுத்ததும் அவை கூடிக்கொள்ள விடும். மெல்லிய பென்சில் முனை ஊசியில் நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் இந்தத் தலைவலி வரும். பிரசவ வலி தெரியாமலிருக்க உறைக்கு வெளியே குழாய் வைக்கும் பெரிய ஊசி தவறி உறையைத் துளைத்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் வரும். இளம் பெண்களுக்கு, அதிலும் ஒல்லியானவர்களுக்கு, எல்லா ஊசியிலும் கொஞ்சம் அதிகம்.

பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் துளை தானே மூடி, வலியும் போய்விடும். அதுவரை வலிக்கும்போது படுக்கட்டும், குழந்தைக்குப் படுத்தபடியே பால் கொடுக்கலாம். பாராசிட்டமால் போன்ற, பால் கொடுப்பவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் வலி மாத்திரைகள் உதவும். காபி வீங்கிய ரத்தக்குழாய்களைச் சற்றுச் சுருக்கி சில மணி நேரம் நிம்மதி தரும். கும்பகோணம் டிகிரி காபியாகவே இருக்கட்டும், ஆனால் ஓரிரு டம்ளரோடு நிறுத்துங்கள், அதிகமானால் குழந்தை தூங்காது. தாகம் தீரத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் லிட்டர் லிட்டராகக் குடித்துத் துளையை மூட முடியாது.

உட்காரவே முடியாத அளவு வலியோ, குழந்தையைத் தூக்க முடியாத நிலையோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். நல்ல சிகிச்சை ஒன்று இருக்கிறது. அவளுடைய கையிலிருந்தே 15 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, பழைய துளைக்குப் பக்கத்தில், உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் மெதுவாகச் செலுத்துவார்கள். அந்த ரத்தம் உறையை வெளியிலிருந்து அழுத்தி நீரை மேலே தள்ளும். அதனால்தான் சிலருக்கு மேசையிலேயே தலைவலி விட்டுவிடும். பிறகு அது உறைந்து துளையை அடைக்கும். சிலருக்கு மட்டும் இரண்டாம் முறை தேவைப்படும். ஓரிரு நாள் முதுகுவலி இருக்கும். காய்ச்சல் இருந்தாலோ ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ இதைச் செய்யக் கூடாது.

சிலருக்குக் காதடைப்பும் இரைச்சலும் வரும், ஏனென்றால் உட்காதின் நீர் மூளை நீரோடு தொடர்புள்ளது. சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு மூளை இறங்கும்போது நீண்டு இழுபடுவதால். இவை இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் தலைவலி எல்லாம் ஊசியால் வருவதில்லை. அந்த உறைக்குள் உச்சந்தலை நெடுக ஓடும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது பிரசவத்துக்குப் பின் வரும் ஆபத்துகளில் ஒன்று. அந்தச் சிரை வலி அறியும் அமைப்பு என்பதால் முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலிதான். இதில் படுத்தால் குறையாது, சிலருக்குக் கூடவே செய்யும். நாளுக்கு நாள் ஏறும், வாந்தி வரும், வலிப்பு வரலாம், ஒரு பக்கம் கை துவளலாம். உடம்பில் நீர் வற்றுவது இதற்கு வழிவகுக்கும். பச்சை உடம்பு என்று சொல்லி, பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது பெரியவர்களின் அன்பால் நடப்பதுதான், ஆனால் கெடுதல் செய்கிறது.

இரண்டாவது, ரத்த அழுத்தம். கர்ப்ப காலத்தில் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம். தலைவலியோடு கண் மங்கினாலோ மேல்வயிறு வலித்தாலோ, அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, வலிப்பு வருவதற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். மூன்றாவது, இதுவரை படுத்தால் போய்க்கொண்டிருந்த வலி திடீரென்று படுத்தாலும் போகாமல் மாறுவது. மூளை இறங்கி இழுத்ததில் அந்தச் சிறு சிரைகளில் ஒன்று கிழிந்து உறைக்கு அடியில் ரத்தம் சேர்ந்தாலும், பெரிய சிரை அடைபட்டாலும் வலி இப்படி மாறும். தூக்கக் கலக்கம், குழப்பம் கூட வந்தால் தாமதிக்கவே கூடாது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் உறையில் கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும். இந்த நான்கில் எது இருந்தாலும் மன்னார்குடியிலேயே காத்திருக்காமல், தலையை ஸ்கேன் செய்யவும் நரம்பியல் மருத்துவர் பார்க்கவும் வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். சிரை அடைப்பைச் சாதாரண சிடி ஸ்கேன் சில சமயம் காட்டாது. சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்ஆர்ஐ வேண்டியிருக்கும் என்பதால், பிரசவமாகி எத்தனை நாள், ஊசி போட்டது எப்போது என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பிரசவத்துக்கும் முதுகில் ஊசி போடலாமா என்று அவள் கேட்பாள். போடலாம். முன்பு இந்தத் தலைவலி வந்தது என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், 27ஆம் எண் போன்ற மெல்லிய பென்சில் முனை ஊசியைத் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் இப்போது எந்த எண் ஊசி பயன்பட்டது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.